பணி நிறைவு பெறப்போகும் நர்சம்மாக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதரிகளே,

1990-களின் தொடக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலைக்குச் சேர்ந்த நம் தலைமுறை, மாதக் கடைசி ஒவ்வொன்றிலும் ஒருவர் இருவராக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. பணி நிறைவு விழாவில் சால்வை போர்த்தி முடித்ததும் யாராவது ஒருவர் எழுந்து வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பார். பிறந்த ஊர், பயிற்சி முடித்த ஆண்டு, முதல் பணியிடம், இடமாறுதல்கள், கடைசியாக ‘அனைவரிடமும் அன்பாகப் பழகக்கூடியவர்’ என்று ஒரு வரி. கைதட்டல், சாப்பாடு. அந்தக் குறிப்பை எழுதிக் கொடுத்தவர் பெரும்பாலும் ஓய்வு பெறுகிறவரேதான். தன்னைப் பற்றி எழுதச் சொன்னால் நாம் பணிப்பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அதில் எந்த ஊரில் எத்தனை வருடம் இருந்தோம் என்பது மட்டும்தான் இருக்கும்.

இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. நம் வேலை பெரும்பாலும் ஒன்று நடக்காமல் பார்த்துக்கொள்கிற வேலை. நடக்காமல் போனதற்குச் சான்றிதழ் கிடையாது, செய்தி கிடையாது, செய்தவருக்கே நினைவு இருப்பதில்லை. ஆனால் பக்கத்து சப்-சென்டரில் இருந்தவருக்கு நினைவிருக்கும். அதனால் வாழ்க்கைக் குறிப்பை நீங்கள் எழுதாதீர்கள், ஒருவருக்கொருவர் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எப்படி எழுதுவது என்பதை ஒரு கதையாகச் சொல்கிறேன். இதில் வரும் இருவரும் நம்மில் பலருடைய அனுபவங்களைக் கலந்து நான் உண்டாக்கியவர்கள். அதனால் பெயர் வைக்கவில்லை. மூத்தவரை அக்கா என்றும் இளையவரை சிஸ்டர் என்றும் சொல்கிறேன். அவர்களும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

இடம் தருமபுரி மாவட்டம். அக்காவுடையது மலையடிவாரத்து சப்-சென்டர், சிஸ்டருடையது நெடுஞ்சாலை ஓரம். அக்காவுக்கு மாதக் கடைசியில் ஓய்வு, சிஸ்டருக்கு இன்னும் ஒரு வருடம். பொறுப்பு ஒப்படைப்புக்குப் பதிவேடுகளைக் கணக்கெடுக்க உதவியாக சிஸ்டர் ஒரு மதியம் மலையடிவாரத்துக்கு வந்தார். எதிர்க் கடையிலிருந்து தூக்குவாளியில் டீ வந்தது. அக்கா தான் எழுதிவைத்திருந்த வாழ்க்கைக் குறிப்பை நீட்டினார். ஆறு வரி.

“இதென்னக்கா, ரேஷன் கார்டு மாதிரி இருக்குது?”

“வேற என்ன இருக்குது எழுத? போனேன், வந்தேன், ஊசி போட்டேன்.”

“இதை நான் எழுதறேன். உங்களைப் பத்தி நீங்க ஒண்ணும் பேசக்கூடாது. கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க.”

“அப்ப உன்னுதை நான் எழுதறேன். அடுத்த வருஷம் உன் விழாவுக்கு நான் எந்த ஊர்ல பேரனைப் பார்த்துக்கிட்டு இருப்பேனோ?”

சிஸ்டர் முதலில் கேட்டது, எதைச் சாதனையாக நினைக்கிறீர்கள் என்று. அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு வருடம் குடும்பநல இலக்கை முழுசாக முடித்ததற்குப் பாராட்டுக் கடிதம் வந்ததைச் சொன்னார். அந்தக் கேள்வி அத்துடன் நின்றுபோனது. ‘சாதனை’ என்று கேட்டால் மனம் மேலதிகாரி பாராட்டிய இடத்துக்குத்தான் போகும். நீங்களும் கேட்டுப் பாருங்கள், இதுதான் நடக்கும்.

அதனால் சிஸ்டர் கேள்வியை விட்டுவிட்டுப் பதிவேட்டை எடுத்தார். தாய்சேய் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, வருடக் கணக்கில் சேர்ந்துகிடந்த நாட்குறிப்புகள். முழுவதையும் படிக்க முடியாது, படிக்கத் தேவையும் இல்லை. ஒழுங்கு தவறிய பக்கத்தில் நிறுத்தினால் போதும். கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் எழுதியது, வேறு மையில் சேர்த்தது, வழக்கத்துக்கு மேல் போன எண்ணிக்கை எல்லாம் அன்றைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். பதிவேட்டை நாம் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். மாறியிருந்தால் காரணம் இல்லாமல் இருக்காது.

1996-ஆம் ஆண்டுத் தாய்சேய் பதிவேட்டில் அப்படி ஒரு பக்கம் வந்தது. மூன்றாவது பிரசவம், வீட்டில், பெண் குழந்தை, எடை இரண்டரை கிலோ. பிரசவத்துக்குப் பின் வீட்டுக்குப் போய்ப் பார்த்த தேதிகளுக்கு மூன்று கட்டம்தான் உண்டு. மூன்றும் நிரம்பி, ஓரத்தில் பென்சிலால் மேலும் பதினொரு தேதிகள் இருந்தன. இரண்டு வாரம் ஒரு நாள் விடாமல் போயிருக்கிறார்.

“இது என்னக்கா?”

“கொப்பூழ் சரியா காயல. மருந்து வைக்கப் போனேன்.”

“பதினாலு நாளுமா?”

அக்கா டீயை எடுத்துக் குடித்தார். சிஸ்டர் வருடத்தைப் பார்த்தார், முதல் இரண்டும் பெண் குழந்தைகள் என்ற கட்டத்தைப் பார்த்தார். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

புதிதாகச் சேர்ந்த தங்கைகளுக்காகச் சொல்கிறேன். சேலம், தருமபுரி, மதுரை மாவட்டங்களின் சில பகுதிகளில் பிறந்த பெண் குழந்தையைச் சில நாட்களுக்குள் கொன்றுவிடும் கொடுமை இருந்தது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் சேலத்தில்தான் தொடங்கியது. ஆபத்தான நாட்கள் பிறந்த முதல் ஒன்றிரண்டு வாரங்கள். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை, ஏற்கெனவே பெண்கள் இருக்கும் வீட்டில் பிறக்கும் அடுத்த பெண்ணுக்குத்தான். கர்ப்பிணிப் பட்டியலில் அந்த வீடுகள் எவை என்பது நர்சம்மாவுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்துகொண்டு போலீஸ் மாதிரிப் போய் நின்றால் கதவு சாத்தப்படும், அடுத்த பிரசவத்துக்குக் கூப்பிடவும் மாட்டார்கள். அதனால் எடை பார்க்க, கொப்பூழைப் பார்க்க, தாய்க்குக் காய்ச்சல் உண்டா என்று கேட்க என்று ஏதாவது ஒரு காரணத்தோடு நர்சம்மாக்கள் தினமும் போய் நிற்பார்கள். மாமியாரிடம் குழந்தையைக் கொடுத்து, தொங்கு தராசில் வைக்கச் சொல்லி, நேற்றைவிட எடை கூடியிருக்கிறது என்று உரக்கச் சொல்வார்கள். தினமும் எடை கேட்டு ஒருவர் வருகிற வீட்டில், குழந்தை திடீரென்று இல்லாமல் போனால் பதில் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டார் பத்து நாள் குழந்தையைக் கையில் தூக்கிவிட்டால் பிறகு அவர்களுக்கே மனம் வராது.

இதை எப்படி எழுதுவது என்பதில் இருவருக்கும் தகராறு வந்தது. ‘ஒரு பெண் குழந்தையின் உயிரைக் காத்தவர்’ என்று சிஸ்டர் எழுதினார். அக்கா அடிக்கச் சொன்னார். காரணம் சரியானது. அந்த வீட்டார் நிச்சயமாக அப்படிச் செய்திருப்பார்கள் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பெண் இன்றைக்கு இருக்கிறாள், அவள் ஊரிலிருந்து விழாவுக்கு நாலு பேர் வருவார்கள். ஊர் பெயரோ வருடமோ சொன்னால் யார் வீடு என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். அவள் காதுக்கும் போகும். கடைசியில் இருவரும் ஒப்புக்கொண்ட வரி இது: ‘பெண் குழந்தைகளுக்கு ஆபத்து இருந்த காலத்தில், இரண்டாவது மூன்றாவது பெண் பிறந்த வீடுகளுக்கு மூன்று முறை போனால் போதும் என்ற விதியை மீறி, இரண்டு வாரம் தினமும் போய்க் குழந்தையைப் பார்த்தவர்.’ இதில் ஒரு சொல்லுக்கும் பதிவேட்டில் ஆதாரம் இல்லாமல் இல்லை. அந்தப் பக்கத்தைக் கண்ட பிறகு மற்ற வருடங்களைப் புரட்டியபோது அதே பென்சில் தேதிகள் இன்னும் ஐந்து பெயர்களுக்கு எதிரே இருந்தன. அக்காவுக்கு அதில் மூன்று பேரைத்தான் நினைவு இருந்தது.

பிரசவக் கணக்கிலும் இதே எச்சரிக்கை தேவைப்பட்டது. 1992-இல் அக்காவின் பகுதியில் 118 பிரசவம், அதில் 83 வீட்டில். 2009-இல் 94 பிரசவம், வீட்டில் ஒன்றே ஒன்று. ‘வீட்டுப் பிரசவத்தை ஒழித்தவர்’ என்று சிஸ்டர் எழுதக் கை வைத்தார். ஆனால் இடையில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருபத்து நாலு மணி நேரமும் இயங்கத் தொடங்கின. மகப்பேறு நிதியுதவி உயர்ந்தது. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. மலைக்குத் தார் ரோடும் வந்தது. இவ்வளவையும் ஒருவர் கணக்கில் எழுத முடியாது. அப்படியானால் அக்காவின் பங்கு எது? அதுவும் ஓரத்தில்தான் இருந்தது. 108 வருவதற்கு முந்தைய வருடங்களில் எட்டாம் மாதத்துக் கர்ப்பிணிகளின் பெயருக்கு எதிரே ஒரு பெயர். பால் வண்டிக்காரர், டிராக்டர்காரர், வாழைத்தார் ஏற்றும் டெம்போக்காரர். வலி கண்டால் யார் வண்டி என்று வீட்டாரோடு முன்பே பேசி முடிவு செய்து எழுதிவைத்திருக்கிறார். அந்த வரி குறிப்பில் ஏறியது.

இரண்டாவது டீ வந்தபோது அக்காவின் முறை. அவருக்குப் பதிவேடு தேவைப்படவில்லை, சிஸ்டரைப் பற்றிச் சொல்ல ஒன்று தயாராகவே வைத்திருந்தார்.

“நீ ஒரு புதன்கிழமை முத்தடுப்பு ஊசி போடாமத் திருப்பி அனுப்புனியே, அதை எழுதப் போறேன்.”

“அய்யோ, அதுக்கு ஊரே திட்டுச்சுக்கா. அதைப் போய்…”

நடந்தது 1998-இல். புதன்கிழமை காலை தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தடுப்பூசிப் பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். பெட்டிக்குள் நான்கு பக்கமும் நான்கு ஐஸ் பேக், நடுவில் பிளாஸ்டிக் பையில் மருந்துக் குப்பிகள். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே பெட்டிக்குள் வைக்கக் கூடாது. வெளியே வைத்து, மேலே படிந்த வெண்பனி உருகி நீர்த்துளி அரும்ப வேண்டும். காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்க வேண்டும். அவசரத்தில் அன்றைக்கு யாரும் அதைச் செய்யவில்லை. ஊருக்குப் போய்ப் பெட்டியைத் திறந்த சிஸ்டர், ஐஸ் பேக் கல்லாக இருப்பதையும் முத்தடுப்புக் குப்பி அதை ஒட்டிக் கிடப்பதையும் பார்த்தார். குப்பியைக் குலுக்கிப் பார்த்தார். சீராகக் கலங்கி வெண்மையாக நிற்க வேண்டிய மருந்தில் துகள் துகளாகத் தெரிந்தது. மேசையில் வைத்ததும் துகள்கள் சீக்கிரமே அடியில் இறங்கின, மேலே நீர் தெளிந்தது.

போலியோ சொட்டு மருந்து உறைந்தாலும் கெடாது, வெப்பம்தான் அதற்குப் பகை. முத்தடுப்பு ஊசி, ரண ஜன்னி ஊசி போன்றவை நேர்மாறு. அவற்றில் மருந்தோடு அலுமினிய உப்பு சேர்ந்திருக்கும். உறைந்தால் அந்தச் சேர்க்கை குலைந்து வீரியம் போய்விடும், திரும்ப உருகினாலும் வராது. இதில் பயப்பட வேண்டியது என்னவென்றால், அதைப் போட்டாலும் வெளியே ஒன்றும் தெரியாது. குழந்தை வழக்கம்போல் அழும், அட்டையில் தேதி விழும், தாய் நிம்மதியாகப் போவாள். தொண்டை அடைப்பானோ கக்குவானோ வருகிற அன்றைக்குத்தான் பாதுகாப்பு இல்லை என்று தெரியும். அப்போதும் யாரும் அந்தப் புதன்கிழமையை நினைக்க மாட்டார்கள்.

சிஸ்டர் சொட்டு மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு, ஊசிக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த தாய்மார்கள் சத்தம் போட்டார்கள். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே திரும்பினார். மறுநாள் மருத்துவர் அங்கே குலுக்கல் சோதனை செய்தார். அதே தொகுதியைச் சேர்ந்த நல்ல குப்பி ஒன்றை இரவு முழுக்க வேண்டுமென்றே உறையவைத்து, உருகவிட்டு, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி இரண்டையும் அருகருகே நிறுத்தினார். இரண்டிலும் துகள் ஒரே வேகத்தில் இறங்கியது. சந்தேகம் தீர்ந்தது. அன்று அதே மாதிரி அடுக்கப்பட்ட பெட்டிகள் போன ஊர்களில் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளைப் பட்டியல் எடுத்து மறுபடி போட்டார்கள்.

அக்காவுக்கு இது ஏன் நினைவில் நின்றது தெரியுமா? அந்தப் பட்டியலில் அவருடைய ஊரும் இருந்தது. அன்று காலை அவர் குலுக்கிப் பார்க்காமல் போட்டிருந்தார். சிஸ்டருக்கோ தாய்மார்கள் திட்டியது மட்டும்தான் நினைவில் தங்கியிருந்தது. இருவரும் பேசிய அந்த மதியத்துக்கு மறுநாள் சிஸ்டரின் இருப்புப் பதிவேட்டைத் தேடி எடுத்தபோது அந்தத் தேதியில் ‘உறைந்தது, திருப்பப்பட்டது’ என்ற இரண்டு சொற்களும் கையெழுத்தும் இருந்தன.

அன்பு மிகுந்தால் நினைவு பெருக்கிவிடும் என்பதற்கும் அக்காவே உதாரணம். 2003 பிப்ரவரி போலியோ சுற்றில் சிஸ்டர் செங்கல் சூளைகளில் புகுந்து இருநூறு குழந்தைகளைக் கண்டுபிடித்ததாக அவர் எழுதினார். சிஸ்டரின் நாட்குறிப்பில் இருந்தது 47. பொங்கலுக்குப் பிறகு வேறு மாவட்டங்களிலிருந்து சூளைக்கு வரும் குடும்பங்கள் ஊர்ப் பட்டியலில் இருக்காது. அதனால் வீடு வீடாகப் போகிறவர்கள் சுவரில் சாக்பீஸால் குறி போட்டு முடித்துவிட்டாலும் இவர்கள் விடுபட்டிருப்பார்கள். ஆனால் சூளையில் குழந்தைகள் இருப்பதை முதலில் வந்து சொன்னது அங்கன்வாடிப் பணியாளர் என்றும் நாட்குறிப்பில் இருந்தது. குறிப்பு மாறியது: ‘அங்கன்வாடிப் பணியாளர் சொன்ன தகவலை வைத்துச் செங்கல் சூளைகளுக்குப் போய், பட்டியலில் இல்லாத 47 குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தவர். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் சூளைகளைத் திட்டத்தில் சேர்த்தவர்.’ இருநூறைவிட இந்த 47 எனக்குப் பெரிதாகப் படுகிறது. கேட்கிறவர் கண்ணில் ஓர் இடமும் சில முகங்களும் தெரிகின்றன. கூட்டத்தில் அந்த அங்கன்வாடி அம்மா உட்கார்ந்திருந்தால் அவரும் நிமிர்ந்து உட்காருவார். இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார், 2014 மார்ச்சில் நாம் போலியோ இல்லாத நாடானோம். அந்தப் பெரிய வெற்றியை நம் ஒருவர் பெயரில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த 47 குழந்தைகளை எழுதினால் மறுப்பவர் இல்லை.

முடிவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்தான் வந்தது. பணியிடங்கள் எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிட்டன. மீதிப் பக்கத்தில் நான்கைந்து செயல்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன நிலைமை, என்ன செய்தார், எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்ற மூன்றும். பதிவேட்டின் பெயரை மேடையில் வாசிக்க வேண்டாம் என்று தனித் தாளில் குறித்துக்கொண்டார்கள். ‘அன்பாகப் பழகக்கூடியவர்’ என்ற வரிக்கு இடம் இருக்கவில்லை.

சகோதரிகளே, இதற்குத் தடையாக இருக்கப் போவது உங்கள் கூச்சம் மட்டும் அல்ல. இப்போது எல்லாம் பிக்மியில் ஏறிவிட்டது. கணினியில் கட்டம் உண்டு, ஓரம் கிடையாது. பென்சில் தேதியும் வண்டிக்காரர் பெயரும் பழைய தாளில் மட்டும்தான் இருக்கின்றன. பொறுப்பு ஒப்படைக்கும்போது ‘பழைய பதிவேடுகள் ஒரு கட்டு’ என்று எழுதிக் கொடுக்கிறோம். அந்தக் கட்டு கரையானுக்கோ பழைய பேப்பர்காரருக்கோ போகிறது. நினைவு மட்டும் வைத்து எழுதினால் இருநூறு ஆகும், பதிவேடு மட்டும் வைத்து எழுதினால் பதினாலு தேதிக்கு அர்த்தம் தெரியாது. கட்டு போவதற்கு முன் இரண்டும் ஒரே மேசையில் சந்திக்க வேண்டும்.

ஆகவே ஓய்வுக்கு இரண்டு மாதம் முன்பே, உங்கள் காலத்தில் பக்கத்தில் வேலை பார்த்த ஒருவரைக் கூப்பிட்டு உட்காருங்கள். பதிவேடு அரசு உடைமை, தாய்மார்களின் அந்தரங்கமும் அதில் இருக்கிறது. அதனால் பக்கத்தைப் படம் பிடிக்காதீர்கள், வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். பெயர் இல்லாமல் தேதியையும் செயலையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்படைப்புப் பட்டியலில் ‘ஒரு கட்டு’ என்று எழுதாமல் எந்தப் பதிவேடு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று தனித்தனியாக எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்துப் பெற்று ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறவர்களுக்கு அவகாசம் குறைவு. அவர்கள் இருப்புப் பதிவேட்டில் தொடங்கலாம். அதுதான் மெல்லியது, ஒரே மதியத்தில் புரட்டி முடிக்கலாம், முதலில் கழித்துக் கட்டுவதும் அதைத்தான்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
ஓய்வு பெற்ற பகுதி சுகாதாரச் செவிலியர்